‘இருக்கிறது’ எப்போது ஸெர், எப்போது எஸ்தார்? தமிழ் வாக்கியத்திலிருந்து தொடங்கும் வழிகாட்டி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலைகளில் ஆறேழு பேருக்கு ஸ்பானியம் சொல்லித் தருகிறேன். எல்லோரும் தமிழர்கள். ஏறக்குறைய எல்லோரும் வகுப்புக்கு வரும்போதே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்: ‘இரு’ என்று பொருள்படும் இரண்டு ஸ்பானிய வினைகளில், நிரந்தரமானதற்கு ஸெர், தற்காலிகமானதற்கு எஸ்தார். இரண்டு வாரத்தில் அந்த விதி அவர்களைக் கவிழ்த்துவிடும். பினாங்கு மலேசியாவில் நிரந்தரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பானியத்தில் அதற்கு எஸ்தார். மாணவராக இருப்பது மூன்று நான்கு ஆண்டு விஷயம்; அதற்கு ஸெர். இறந்துபோனவர் இறந்தவராகவே இருப்பார், அதற்கு எஸ்தார்.

அந்த விதியை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தமிழ் வாக்கியத்தையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் ‘இருக்கிறது’ என்ற ஒரு சொல்லுக்குள் முக்கியமாக ஸ்பானியத்தின் நான்கு வினைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் தமிழிலேயே இருக்கின்றன: அல்ல, உண்டு, நடக்கிறது, ஆகிவிட்டது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்ய வேண்டும். வரிசை மாறினால் விடை ஏன் மாறிவிடுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நிகழ்கால வடிவங்கள் தயங்காமல் வாயில் வர வேண்டும். ஸெர் வினைக்கு: ஸோய் (நான்), எரெஸ் (நீ), எஸ் (அவர், அது), ஸோமோஸ் (நாங்கள்), ஸோன் (அவர்கள், அவை). எஸ்தார் வினைக்கு: எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமோஸ், எஸ்தான். ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு ஸோய்ஸ், எஸ்தாய்ஸ் என்றும் உண்டு. வடிவத்தைத் தேடிக்கொண்டே வினையையும் தேர்ந்தெடுக்க முயன்றால் இரண்டும் கெடும்.

எஸ்தா என்பதைக் கடைசி அசையில் அழுத்திச் சொல்லுங்கள். எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தின் மேல் சாய்ந்த கோடு கட்டாயம். கோட்டை விட்டுவிட்டால் அது ‘இந்த’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். நான் திருத்தும் தாள்களில் வினையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட இந்தக் கோட்டில் தவறுகிறார்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. ஒன்று, ‘உண்டு’ என்று பொருள் தரும் ஆய். இது ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. மற்றொன்று, ‘வைத்திருக்கிறேன், எனக்கு உண்டு’ என்று பொருள் தரும் தெங்கோ. இது தெனேர் என்ற வினையின் ‘நான்’ வடிவம். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஸெர், எஸ்தார் பயிற்சியில் இறங்குபவர், இரண்டுக்கும் உரியதல்லாத வாக்கியங்களை இரண்டில் ஒன்றுக்குள் திணிக்கப் பார்ப்பார்.

கடைசியாக, பயிற்சி வாக்கியங்களை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். நாம் இங்கே பேசும் தமிழில் ‘அவர் டாக்டர் இல்லை’, ‘அவர் வீட்டில் இல்லை’ என்று இரண்டுக்கும் ஒரே ‘இல்லை’ போதும். எழுத்துத் தமிழில் முதலாவது ‘டாக்டர் அல்லர்’, இரண்டாவது ‘வீட்டில் இல்லை’. இந்த வேறுபாட்டைத்தான் அடுத்துப் பயன்படுத்தப் போகிறோம்.

## 2. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களை முதலில் ஒதுக்குங்கள்

‘எனக்குப் பசியாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தில் ‘இருக்கிறது’ கண்ணில் படுகிறது. உடனே எஸ்தோய் என்று கை எழுதிவிடுகிறது. ஸ்பானியத்தில் பசி என்பது நம்மிடம் உள்ள ஒரு பொருள்போல: தெங்கோ அம்ப்ரே. தாகம், தூக்கக் கலக்கம், உடல் உணரும் குளிரும் வெப்பமும், பயம், அவசரம் எல்லாம் இப்படியே. வயதும் இப்படியே. ‘எனக்கு முப்பது வயது’ என்பதில் ஸெர் வராது, எஸ்தாரும் வராது, தெங்கோ தான். ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்பதும் தெங்கோ.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இவற்றை எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. பட்டியலாக நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எல்லா ‘எனக்கு’ம் இங்கே வராது. ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’, ‘எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது’, ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ ஆகியவற்றை ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்று மாற்றிச் சொல்ல முடிகிறது. அப்படி மாறினால் எஸ்தார்: எஸ்தோய் கன்ஸாதா என்று பெண் சொல்வார், எஸ்தோய் கன்ஸாதோ என்று ஆண் சொல்வார். ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்றும் தமிழில் சொல்லலாம் என்பதால் இந்த மாற்றமும் முழுக் காவல் ஆகாது. பசி, தாகப் பட்டியல் மனப்பாடமாக இருக்கட்டும்.

வானிலையையும் இங்கேயே ஒதுக்குங்கள். ‘வெயிலாக இருக்கிறது’, ‘குளிராக இருக்கிறது’ என்பதற்கு ‘செய்கிறது’ என்ற வினையை ஸ்பானியம் பயன்படுத்துகிறது: ஆஸே கலோர், ஆஸே ஃப்ரீயோ. மேகமூட்டத்துக்கு எஸ்தா.

## 3. பெயர்ச்சொல்லா? ‘அல்ல’ போட்டுப் பாருங்கள்

மீதியுள்ள வாக்கியத்தில், ஒருவரை அல்லது ஒன்றை இன்னார், இன்னது என்று சொல்கிறோமா என்று பாருங்கள். தமிழில் அத்தகைய வாக்கியத்துக்கு வினையே தேவையில்லை: ‘அவர் ஆசிரியர்’, ‘இது என்னுடையது’, ‘இந்த மேசை மரத்தாலானது’, ‘நான் பினாங்குக்காரன்’. மறுத்துச் சொன்னால் ‘அல்ல’ வரும். அந்த ‘அல்ல’ இயல்பாக உட்கார்ந்தால் ஸெர். தமிழ் வினையே இல்லாமல் விடும் இடத்தில்தான் ஸ்பானியம் ஸெர் கேட்கிறது: எஸ் ப்ரொஃபெஸோரா, எஸ் தெ மதேரா, ஸோய் தெ பினாங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘அவர் ஆசிரியராக இருக்கிறார்’ என்றும் சொல்கிறோம். என் வகுப்பில் ஒரு பள்ளி ஆசிரியை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது எஸ்தோய் ப்ரொஃபெஸோரா என்றார். அவர் மனத்தில் ஓடியது ‘ஆசிரியையாக இருக்கிறேன்’. ‘ஆக இருக்கிறேன்’ என்பதை வெட்டி எறிந்துவிட்டு ‘நான் ஆசிரியை’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் மாறவில்லை என்றால் அந்த ‘இரு’ வெறும் ஒட்டு, ஸெர் தான்.

வேறொரு தொழில் செய்பவர் கொஞ்ச நாளைக்கு ஆசிரியர் வேலை பார்க்கிறார் என்று சொல்ல விரும்பினால் எஸ்தா தெ ப்ரொஃபெஸோர் என்று நடுவில் ‘தெ’ சேர்த்துச் சொல்வார்கள். ‘தெ’ இல்லாமல் எஸ்தாருக்குப் பின் தொழில் பெயர் வராது.

மணியும் நாளும் இதே படியில் அடங்கும். ‘மணி மூன்று’ என்பது ஸோன் லாஸ் த்ரேஸ். வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே நல்ல சான்று. தமிழில் ‘மணி மூன்று ஆகிவிட்டது’ என்கிறோம். ஐந்தாம் படியில் ‘ஆகிவிட்டது’ என்பதை எஸ்தாருக்கு அடையாளமாகச் சொல்லப் போகிறேன். ‘அவர் டாக்டர் ஆகிவிட்டார்’ என்பதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மணியும் டாக்டரும் பெயர்ச்சொற்கள். மூன்றாம் படியிலேயே ஸெர் என்று தீர்ந்துவிட்டதால் ஐந்தாம் படிக்கு அவற்றைக் கொண்டுபோகக் கூடாது.

மலாய் மொழி நமக்கு இங்கே ஓரளவு உதவும். ‘டியா புக்கான் குரு’ என்பதில் வரும் ‘புக்கான்’ நம் ‘அல்ல’ போலப் பெயர்ச்சொல்லை மறுப்பது. புக்கான் வருமிடம் ஸெர் என்று நம்பலாம். ஆனால் மலாயில் ‘பெரியது’, ‘உயரமானது’ போன்ற பண்புகளுக்கெல்லாம் ‘தீடாக்’ வந்துவிடும். அவற்றில் பலவும் ஸ்பானியத்தில் ஸெர். ஆகவே புக்கானை மட்டும் நம்புங்கள், தீடாக்கிலிருந்து எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

## 4. இடமா? உண்டு, நடக்கிறது என்ற இரண்டையும் சோதியுங்கள்

ஒன்று எங்கே இருக்கிறது என்று சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் எஸ்தார் என்று பல பாடங்கள் சொல்லிவிட்டு நகர்கின்றன. மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதல் வகை: ‘இருக்கிறது’ என்ற இடத்தில் ‘உண்டு’ போட முடிகிறது. ‘மஸ்ஜித் இந்தியாவில் நல்ல துணிக்கடைகள் இருக்கின்றன’ என்பதை ‘நல்ல துணிக்கடைகள் உண்டு’ என்று சொல்லலாம். கேட்பவருக்கு அந்தக் கடைகள் புதிய செய்தி. இதற்கு ஆய்.

இரண்டாம் வகை: ‘உண்டு’ ஒட்டவில்லை. ‘அம்மா வீட்டில் உண்டு’ என்று யாரும் சொல்வதில்லை. அம்மா யார் என்று தெரியும்; அவர் எங்கே என்பதுதான் செய்தி. இதற்கு எஸ்தா: எஸ்தா என் காஸா. ‘பினாங்கு மலேசியாவின் வடமேற்கில் இருக்கிறது’ என்பதும் இங்கேதான் வரும், எத்தனை நூற்றாண்டு அங்கேயே இருந்தாலும்.

தமிழ்ச் சொல்வரிசையே பல சமயம் இதைக் காட்டிவிடுகிறது. ‘கேஎல் சென்ட்ரலில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது’ என்று இடம் முன்னால் வந்தால் ஆய். ‘அந்த மருந்துக்கடை கேஎல் சென்ட்ரலில் இருக்கிறது’ என்று பொருள் முன்னால் வந்தால் எஸ்தா. மலாயின் ‘ஆடா’ இந்த இரண்டையும், தெங்கோவையும் சேர்த்தே விழுங்கிவிடுவதால், மலாயில் யோசித்துப் பழகியவர்கள் இந்தப் படியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மூன்றாம் வகையில்தான் நன்றாகத் தேர்ந்தவர்களும் விழுகிறார்கள். இடம் சொல்லப்படுவது ஒரு பொருளுக்கா, ஒரு நிகழ்ச்சிக்கா? ‘கல்யாணம் எங்கே?’ என்று கேட்டால் ‘கோயில் மண்டபத்தில்’ என்கிறோம். வினையைச் சேர்த்தால் ‘நடக்கிறது’ வரும். ‘நடக்கிறது’ பொருந்தினால் ஸெர்: லா போதா எஸ் என் எல் தெம்ப்லோ. கல்யாணத்துக்கு எஸ்தா போட்டால் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் கல்யாணத்தைக் கையால் தூக்கி ஓரிடத்தில் வைத்ததுபோல அவர் காதில் விழும்.

தேர்வை வைத்து இதை விளக்கினால் வகுப்பில் உடனே பதிகிறது. எல் எக்ஸாமென் எஸ் என் எல் ஆவ்லா த்ரேஸ் என்றால் தேர்வு மூன்றாம் எண் அறையில் நடக்கிறது. எல் எக்ஸாமென் எஸ்தா என் லா மேஸா என்றால் தேர்வுத்தாள் மேசைமேல் கிடக்கிறது. சொல் ஒன்று, வினை மாறியதும் ஒன்று நிகழ்ச்சி, மற்றது காகிதம்.

## 5. பண்புச்சொல்லா? இங்கே மெதுவாகப் போங்கள்

இதுவரை வந்த படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே விடைதான். பண்புச்சொல்லில் மட்டும் பேசுபவர் என்ன சொல்ல நினைக்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ‘உயரமாக இருக்கிறான்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு ஸ்பானிய வாக்கியங்களாகப் பிரியும். என் வகுப்பு நேரத்தில் பாதியை இங்கேதான் செலவிடுகிறேன்.

எளியதை முதலில் முடித்துவிடலாம். வினையெச்சத்தோடு ‘இரு’ ஒட்டிவந்து ஒரு நிலையைச் சொன்னால் எஸ்தார். ‘கதவு திறந்திருக்கிறது’: லா புவெர்தா எஸ்தா அபியெர்தா. ‘உட்கார்ந்திருக்கிறார்’, ‘உடைந்திருக்கிறது’ எல்லாம் அப்படியே. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் எஸ்தோய் கொமியெந்தோ. இந்த இடத்தில் தமிழ் ‘இரு’வும் எஸ்தாரும் கைகோத்தே நடக்கின்றன. ‘இறந்துவிட்டார்’ என்பதற்கு எஸ்தா முவெர்தோ ஏன் வருகிறது என்பதும் இதனால் விளங்கும்: திறந்த கதவைப்போல அதுவும் ஒரு நிகழ்வு முடிந்தபின் எஞ்சிய நிலை.

இனி ‘பெரியதாக’, ‘விலையாக’, ‘இனிப்பாக’ போன்றவை. இவற்றுக்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இதை எதோடு ஒப்பிடுகிறேன்? அதே இனத்தைச் சேர்ந்த மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஸெர். அதே பொருளின் முந்தைய நிலையோடு, அல்லது நான் எதிர்பார்த்த நிலையோடு ஒப்பிட்டால் எஸ்தார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சித்தி ஒரு வருடத்துக்குப் பிறகு உங்கள் பையனைப் பார்க்கிறார். ‘அடேயப்பா, எவ்வளவு உயரமாகிவிட்டாய்!’ என்கிறார். அவர் பையனைப் போன வருடத்துப் பையனோடு ஒப்பிடுகிறார். ஸ்பானியத்தில் கே ஆல்தோ எஸ்தாஸ். அதே பையனைக் கூடைப்பந்துக் குழுவில் சேர்க்க வந்த பயிற்சியாளர் மற்றப் பையன்களோடு ஒப்பிட்டு ‘உயரமான பையன்’ என்கிறார்: எஸ் ஆல்தோ. பையனின் உயரம் இரண்டிலும் ஒன்றே.

தமிழில் இதற்கு இரண்டு சோதனைகள் கைகொடுக்கின்றன. ‘ஆகிவிட்டது’ என்று மாற்றினாலும் நீங்கள் சொல்ல வந்தது அப்படியே நின்றால் எஸ்தார். ‘-ஆனது, -யது’ என்று முடித்து, ‘அல்ல’ போட்டு மறுத்தால் இயல்பாக ஒலிக்கிறது என்றால் ஸெர். ‘வீடு பெரியது அல்ல’ என்பது நல்ல தமிழ். ஆகவே எஸ் க்ராந்தே. ‘ரசம் சூடானது அல்ல’ என்று சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘சூடாக இல்லை, ஆறிவிட்டது’ என்பார்கள். ஆகவே எஸ்தா.

டுரியானை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டுரியான் விலை கூடிய பழம்’ என்று மற்றப் பழங்களோடு வைத்துச் சொன்னால் எஸ் காரோ. ஜூன் மாதம் பாலிக் புலாவ் பக்கம் போய், போன வாரத்தைவிட விலை ஏறியிருப்பதைப் பார்த்துச் சொன்னால் எஸ்தா காரோ. இரண்டும் சரியான வாக்கியங்கள். எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னால்தான் தவறு.

சாப்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னால் எஸ்தார். ‘இந்த ரம்புத்தான் இனிக்கிறது’ என்று உரித்துத் தின்றுகொண்டே சொன்னால் எஸ்தா துல்ஸே. ரம்புத்தான் எப்படிப்பட்ட பழம் என்று பார்த்திராதவருக்கு விளக்கினால் எஸ் துல்ஸே. பினாங்கில் நண்பர் வாங்கித் தந்த நாசி கண்டாரைச் சாப்பிட்டுவிட்டு எஸ் ரிக்கோ என்று சொன்னால், பொதுவாக அந்த உணவைப் பற்றிய கருத்துபோல நிற்கும். தட்டில் இருப்பதைப் பாராட்ட எஸ்தா ரிக்கோ.

சில பண்புச்சொற்கள் வினையோடு சேர்ந்து பொருளையே மாற்றிக்கொள்ளும். எஸ் வெர்தே என்றால் பச்சை நிறம். எஸ்தா வெர்தே என்றால் இன்னும் பழுக்கவில்லை, காய். எஸ் லிஸ்தோ என்றால் புத்திசாலி. எஸ்தா லிஸ்தோ என்றால் தயாராக இருக்கிறார். எஸ் மாலோ என்றால் கெட்டவர். எஸ்தா மாலோ என்றால் ஸ்பெயினில் உடல்நலம் இல்லை என்று பொருள். ஒரு பெண்ணை நல்லவர் என்று சொல்ல எஸ் புவெனா தான். எஸ்தா புவெனா என்றால் அவர் உடலழகைப் பற்றிய கொச்சையான பேச்சாகிவிடும். இந்த ஒன்றை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுகிறேன். ‘நன்றாக இருக்கிறார்’ என்று நலம் சொல்ல எஸ்தா பியென் என்று வேறு சொல் இருக்கிறது.

சோதனைகள் தீர்க்காத சிலவும் உண்டு. திருமணமானவர் என்பதற்கு எஸ்தா கஸாதோ, எஸ் கஸாதோ இரண்டும் வழக்கில் உள்ளன. நிறைவான வாழ்க்கை வாழ்பவர் எஸ் ஃபெலீஸ். இன்று செய்தி கேட்டு மகிழ்ந்தவர் எஸ்தா ஃபெலீஸ். ஆனால் கொந்தெந்தோ என்ற சொல்லுக்கு எஸ்தார் மட்டுமே, ‘முக்கியம்’ என்று பொருள்படும் இம்போர்தாந்தே என்பதற்கு ஸெர் மட்டுமே. புதிய பண்புச்சொல்லை எழுதிவைக்கும்போதே எந்த வினையோடு படித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

## 6. ஒரு முழுப் பயிற்சி: பத்துமலையைப் பற்றி எழுதுதல்

மெக்சிகோவில் இருக்கும் தோழிக்குத் தைப்பூசத்தைப் பற்றி எழுத விரும்பிய ஒரு மாணவி கொண்டுவந்த வாக்கியங்கள் இவை. அவர் முதல் முயற்சியில் எல்லாவற்றுக்கும் எஸ்தா போட்டிருந்தார், ஏனென்றால் தமிழில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘இருக்கிறது’ இருந்தது. நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படியில் ஏற்றினோம்.

‘பத்துமலை கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கிறது.’ பெயர்ச்சொல் வாக்கியம் இல்லை, இடம். ‘உண்டு’ ஒட்டவில்லை, நடக்கிற காரியமும் இல்லை. எஸ்தா அல் நோர்தே. இதில் அவர் முதலில் எழுதியதே சரி.

‘அங்கே முருகனுக்குப் பெரிய சிலை இருக்கிறது.’ தோழிக்கு அந்தச் சிலை புதிது. ‘சிலை உண்டு’ என்று சொல்லலாம். ஆய் ஊனா எஸ்தாதுவா க்ராந்தே.

‘சிலை மிகவும் உயரமாக இருக்கிறது.’ சிலை வளரவில்லை. மற்றச் சிலைகளோடு ஒப்பிடுகிறார். அதன் உயரம் 42.7 மீட்டர். ‘மிக உயரமானது’ என்று முடிக்கலாம். எஸ் முய் ஆல்தா. இங்கே எஸ்தா போட்டிருந்தால், போன தடவை பார்த்ததைவிடச் சிலை வளர்ந்திருக்கிறது என்பதுபோல ஆகியிருக்கும்.

‘குகைக்குப் போக 272 படிகள் இருக்கின்றன.’ உண்டு பொருந்துகிறது. ஆய். படிகள் பன்மை என்பதால் ஆய் என்பதையும் பன்மையாக்க முயன்றார். அது மாறாது என்று நினைவூட்டினேன்.

‘படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டிருக்கிறது.’ படிகளுக்கு 2018-ல் வண்ணம் தீட்டினார்கள். அந்த வேலை முடிந்தபின் எஞ்சிய நிலை இது. வினையெச்சத்தோடு ‘இரு’. எஸ்தான் பிந்தாதோஸ். இங்கே ஸோன் பிந்தாதோஸ் என்றால் யாரோ பூசுகிறார்கள் என்ற செயலைச் சொன்னதாகிவிடும்.

‘தைப்பூசத் திருவிழா இங்கேதான்.’ இந்த வரியில் எங்கள் பேச்சு நீண்டது. அவர் எழுதியது லா ஃபியெஸ்தா எஸ்தா அக்கீ. ‘டீச்சர், கோயில் இங்கே இருக்கிறது என்றால் எஸ்தா. திருவிழாவும் அதே இடத்தில்தானே?’ என்று கேட்டார். ‘கோயில் இங்கே நடக்கிறது என்று சொல்வீர்களா?’ என்றேன். சிரித்துவிட்டு, எஸ் அக்கீ என்று திருத்தினார். அன்றிலிருந்து எல்லா நிகழ்ச்சிக்கும் ‘நடக்கிறது’ போட்டுப் பார்க்கிறார்.

‘தைப்பூசத்தன்று கூட்டமாக இருக்கிறது.’ இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். மக்கள் நிறைய உண்டு என்றால் ஆய் முச்சா ஹெந்தே. இடம் நிரம்பிவிட்டது என்றால் எஸ்தா யேனோ. கூட்டம் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு எஸ்தா என்று தொடங்கினால் வாக்கியம் முடிவதில்லை. தமிழ் வாக்கியத்தை முதலில் இன்னொரு தமிழ் வாக்கியமாக மாற்றிக்கொள்ள வேண்டிய இடம் இது.

‘விரதத்துக்காக இப்போது சைவமாக இருக்கிறேன்.’ அவர் எஸ்தோய் வெஹெதாரியானா என்று எழுதியிருந்தார். ‘சைவம்’ என்பதை ஸ்பானியர் ஒருவர் யார் என்பதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்: வருடம் முழுவதும் சைவமானால் ஸோய் வெஹெதாரியானா. 48 நாள் விரதத்துக்கு மட்டும் என்றால் ‘இந்த நாள்களில் இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்று வினையாகவே சொல்லிவிடுவது நல்லது. நோ கோமோ கார்னே எஸ்தோஸ் தீயாஸ் என்று எழுதினார். ஸெர், எஸ்தார் இரண்டையும் தவிர்ப்பதும் சில இடங்களில் சரியான தேர்வுதான்.

‘மலையேறி இறங்கியதும் எனக்குப் பசியாகவும் களைப்பாகவும் இருந்தது.’ இது கடந்தகாலம்; வடிவங்கள் மாறும், தேர்வு மாறாது. பசிக்குத் தெனேர், களைப்புக்கு எஸ்தார். தமிழில் ஒரே ‘இருந்தது’ இரண்டையும் சுமக்கிறது. ஸ்பானியத்தில் இரண்டு வினைகளை எழுதியே தீர வேண்டும்.

## 7. எழுதியதைத் திருத்தும்போது எங்கே பார்ப்பது

எழுதி முடித்ததும் உங்கள் தாளில் எஸ்தா, எஸ்தோய், எஸ்தான் வந்த இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். தமிழர் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஒளிந்திருக்கும், ஏனென்றால் நமக்கு ‘இருக்கிறது’ எளிதாக வருகிறது. அடிக்கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொல்லைப் பாருங்கள். தொழில், உறவு, நாடு என்று பெயர்ச்சொல் நின்றால் அது ஸெர் ஆக வேண்டும். ‘ஒரு’, ‘பல’ என்று பொருள்படும் சொல்லோ எண்ணோ நின்றால் அநேகமாக ஆய். எழுவாய் திருவிழா, வகுப்பு, கூட்டம் என்று நிகழ்ச்சியாக இருந்து பின்னால் இடம் வந்தால் ஸெர்.

பிறகு எஸ், ஸோய், ஸோன் வந்த இடங்களுக்குப் போங்கள். இங்கே தேட வேண்டியது ஒன்றுதான்: ஊர், கட்டடம், ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லும் வாக்கியத்தில் ஸெர் நுழைந்திருக்கிறதா? நிரந்தரம், தற்காலிகம் என்ற பழைய விதியைப் படித்தவர்கள் இரட்டைக் கோபுரம் நகராது என்பதால் அதற்கு எஸ் போட்டுவிடுவார்கள். நகராவிட்டாலும் அதன் இடத்துக்கு எஸ்தான். கோபுரங்கள் இரண்டு என்பதால் பன்மை.

பண்புச்சொற்களை ஒரு நாள் கழித்துத் திருத்துங்கள். எழுதிய அன்று எதோடு ஒப்பிட்டு எழுதினீர்கள் என்பது மனத்திலேயே இருக்கும். வாக்கியம் அதைச் சொல்கிறதா என்பது தெரியாது. மறுநாள் படிக்கும்போது எஸ்தா காரோ என்ற வரி உங்களுக்கே ‘விலை ஏறிவிட்டது’ என்று கேட்டால் அது நிற்கட்டும். ‘விலை கூடியது’ என்று மட்டும் சொல்ல நினைத்திருந்தால் எஸ் என்று மாற்றிவிடுங்கள்.